தை மாதத்துப் பெட்டைக்குட்டி

வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வருவது சற்று விநோதமாகத் தோன்றலாம். ஆடு வாங்குகிறவர் முதுகைத் தடவிப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடிப்பார். பன்றி வளர்ப்பில் தாய்ப்பன்றிக்கான குட்டியை அப்படிச் சந்தையில் தேர்ந்தெடுக்க முடியாது. அதன் தாயைத் தெரிந்திருக்க வேண்டும், கூடப் பிறந்தவற்றைத் தெரிந்திருக்க வேண்டும், பிறந்த தேதி தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சிறிய பண்ணை வைத்திருப்பவர்கள் தங்கள் கொட்டகையில் பிறந்த பெட்டைக்குட்டிகளிலிருந்தே அடுத்த தலைமுறைத் தாயைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் எல்லோரும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பணியில் மாடும் ஆடும்தான் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு பன்றியோடு எனக்கு நெருக்கம் ஏற்பட்டதற்கு எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் காரணம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே வேலை குறைந்தபோது, ஊருக்கு வெளியே தன் மானாவாரி நிலத்தில் கொட்டகை போட்டு வெண்பன்றி வளர்க்கத் தொடங்கினார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "பன்னி மேய்க்கவா உன்னப் படிக்க வெச்சோம்" என்று அவர் அப்பா இரண்டு மாதம் பேசவில்லை. இருந்த சேமிப்பு முழுவதும் அந்தக் கொட்டகைக்குள் போயிருந்தது. ஆகையால் அவருக்கு அது தோற்கக் கூடாத தொழில்.

அவரிடம் 8 தாய்ப்பன்றிகள் இருந்தன. வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று தாய்கள் கழிக்கப்பட வேண்டியவையாக ஆகிவிடும். ஒன்று குட்டிகளை நசுக்கும், ஒன்றுக்குக் கால் போகும், ஒன்று சினை பிடிக்காது. அந்த இடத்தை நிரப்ப வருடத்துக்கு இரண்டு மூன்று நல்ல பெட்டைகள் வேண்டும். வெளியிலிருந்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2020-இல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புகுந்தது. 2022-இல் கேரளத்தில் வயநாடு வரை வந்துவிட்டது. வந்தால் கொட்டகையே காலி, மருந்து கிடையாது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பன்றியும் ஒரு பயம்தான். அதனால் சொந்தக் குட்டியை வளர்ப்பதே வழி என்று முடிவு செய்தோம்.

முதல் கேள்வி, எந்த மாதத்துக் குட்டியை வைத்துக்கொள்வது என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பெட்டைப் பன்றியை முதன்முதலாக ஆணோடு சேர்ப்பது ஏறக்குறைய 8 மாத வயதில். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் அடிக்கும் வெயில் உங்களுக்குத் தெரியும். பன்றிக்கு நம்மைப் போல வியர்வை வழியாது. அதன் உடம்புச் சூடு இறங்கத் தண்ணீரும் சேறும் நிழலும்தான் வழி. கடும் வெயிலில் பெட்டை பருவத்துக்கு வருவதே தள்ளிப்போகும். வந்து சேர்த்தாலும் முதல் ஒரு மாதத்தில் கரு அழிந்துபோவது அதிகம். ஆவணியில் பிறந்த குட்டிக்குச் சரியாகச் சித்திரையில் 8 மாதம் நிறையும். தை மாதத்தில் பிறந்த குட்டிக்குப் புரட்டாசி நெருங்கும்போது நிறையும். மழைக்கு முன் சேர்க்கை, பொங்கலை ஒட்டிப் பிரசவம். ஆகவே தை மாதத்து ஈத்திலிருந்துதான் தேர்ந்தெடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் பொங்கலை ஒட்டி இரண்டு தாய்கள் ஈன்றன. ஒரு தாயின் குட்டிகளில் ஆண் ஒன்றுக்குத் தொப்புள் குடலிறக்கம் இருந்தது. அந்தக் குறை ஒரு குட்டியோடு நிற்பதில்லை, இரத்தத்தில் வருவது. அதன் சகோதரிகள் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் தாயாக வைக்கக் கூடாது. அந்த ஈத்து முழுவதும் இறைச்சிக்கென்று ஒதுக்கினோம். இரண்டாவது தாய்க்கு அது மூன்றாவது ஈத்து. ஜனவரி 14 அன்று 11 குட்டிகள், அவற்றில் 9 பால்குடி மறந்தன. சாந்தமான தாய், பால் நிறைய. பெட்டைகள் 5 இருந்தன. நம் வேலை இந்த ஐந்தில்தான்.

குட்டி பிறந்த அன்றே காம்பை எண்ணிவிட வேண்டும். ஈரம் துடைத்து மல்லாக்கப் பிடித்தால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பக்கத்துக்கு 6 என்று 12 காம்பாவது வேண்டும், 14 இருந்தால் மிகவும் நல்லது. எண்ணிக்கை மட்டும் போதாது. இடைவெளி சீராக இருக்க வேண்டும், தொப்புளுக்கு முன்னால் பக்கத்துக்கு மூன்றாவது இருக்க வேண்டும். உள்வாங்கிய காம்பு இருந்தால் விரலால் பிடித்தால் வெளியே வராமல் குழியாக நிற்கும். அது பிற்காலத்தில் பால் தராது. ஒவ்வொரு பன்றிக்குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே குடிக்கும். காம்பு இல்லாத குட்டிக்குச் சாப்பாடு இல்லை. இன்று எண்ண மறந்த காம்பு அடுத்த வருடம் செத்த குட்டியாக வந்து நிற்கும்.

எங்கள் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஐந்தில் மிகப் பெரியது, தாய்மடியில் முதலிடம் பிடித்தது, பால்குடி மறக்கும்போது 14 கிலோ இருந்தது. மற்றவை 11, 12 கிலோ. தம்பிக்கு அதன்மேல் உயிர். ஆனால் அதற்குக் காம்பு 11, அதிலும் ஒன்று உள்வாங்கியது.

"டாக்டர், இவ்ளோ வளர்ற குட்டிய எப்படிக் கறிக்கு அனுப்புறது? இதோட குட்டியும் இப்படித்தானே வளரும்?" என்றார்.

"வளரும் தம்பி. எத்தனை வளரும்னு பாருங்க. பத்துக் குட்டி போட்டா காம்பில்லாத ஒண்ணு ரெண்டு செத்துடும். அதோட பிள்ளைகளுக்கும் அந்தக் காம்புக் குறை போகும். கறிக்கு இதுதான் உங்களுக்கு முதல்ல பணம் தரும், அதுக்கு வளருங்க" என்றேன்.

இரண்டு நாள் யோசித்தார். பையனுக்கு ஜூனில் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு இது என்று சமாதானமானார். மிகச் சிறிய குட்டி ஒன்றையும் நீக்கினோம். பால்குடியில் பின்தங்கியது பருவத்துக்கும் பின்தங்கும். மூன்று மிஞ்சின. தேவை இரண்டுதான் என்றாலும் மூன்றை வைத்தோம். நடுவில் ஒன்று கழியும் என்று எண்ணித்தான் எப்போதும் வைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்குள் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்தாயிற்று. இந்தத் தடுப்பூசி பழைய பன்றிக் காய்ச்சலுக்கு, ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்தது தீவனம். கறிப்பன்றியை முடிந்த மட்டும் தின்ன விடுவோம். தாயாகப் போகிறதை அப்படி விடக் கூடாது. கொழுப்புப் பிடித்த பெட்டை பருவத்துக்கு ஒழுங்காக வராது, கால் தாங்காது. ஏறத்தாழ 60 கிலோ ஆனதும் தனி அறைக்கு மாற்றி நாளுக்கு 2 முதல் 2.5 கிலோ தீவனம் என்று அளந்து வைத்தார். நம் பக்கத்து மக்காச்சோளம், விருத்தாசலத்துக் கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் கருவாட்டுத் தூள், உப்பு, தாது உப்புக் கலவை. எலும்பு உறுதியாக வேண்டும் என்பதால் தாது உப்பில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஓட்டல் கழிவு இவற்றுக்குக் கிடையாது. மற்றவற்றுக்கும் கொதிக்க வைத்துத்தான்.

ஜூன் நடுவில், 5 மாத வயதில், இரண்டாவது முறையாகப் பார்த்தோம். இந்த முறை பார்ப்பது காலை. சிமெண்டுத் தரையில் மூன்றையும் ஒவ்வொன்றாக நடக்கவிட்டுப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கவனித்தோம். நல்ல காலில் குளம்புக்கு மேலே கொஞ்சம் சாய்வு இருக்கும், நடக்கும்போது அது வில்போல வளைந்து நிமிரும். ஒன்றின் கால் கம்புபோல நேராக நின்றது. பொய்க்கால் கட்டியவர் நடப்பதுபோல் குறுகக் குறுக அடி வைத்தது. இரண்டு குளம்பும் ஒரே அளவில் இல்லை. இன்றைக்கு அது ஓடி ஆடும், ஆனால் 150 கிலோ ஆகி, ஆணின் பாரத்தையும் வயிற்றில் குட்டிகளையும் தாங்கும்போது உட்கார்ந்துவிடும். அதையும் கறிக்கு ஒதுக்கினோம். பின்பக்கம் பிறப்புறுப்பையும் பார்க்க வேண்டும். கூடப் பிறந்ததைவிட மிகச் சிறியதாகவோ, நுனி மேல்நோக்கித் தூக்கியோ இருந்தால் வேண்டாம். எங்கள் இரண்டுக்கும் அந்தக் குறை இல்லை. பெரியது ஒன்று, அதற்குக் காது ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. மற்றது நீள முதுகு.

இனி ஆண் பன்றியின் பங்கு. பெட்டையைத் தானாகப் பருவத்துக்கு வரட்டும் என்று விட்டால் ஒன்று 6 மாதத்தில் வரும், ஒன்று 8 மாதத்தில் வரும். 160 நாள் ஆனதும் முற்றிய ஆண் ஒன்றைத் தினமும் கால் மணி நேரம் அருகில் கொண்டுவந்தால் வேகமாகவும் ஒன்றையொன்று ஒட்டியும் வரும். ஆணின் வாயில் தள்ளும் நுரையின் வாசனைதான் அந்த வேலையைச் செய்கிறது. பத்து மாதம் நிறையாத இளம் ஆணுக்கு அந்த வாசனை போதாது. அதே அறையில் எப்போதும் ஆண் இருந்தாலும் பயனில்லை, பழகிவிடும். வந்துவந்து போக வேண்டும்.

எங்களிடமிருந்த முற்றிய ஆண் இந்தக் குட்டிகளின் தகப்பன். சிறு பண்ணையில் இதுதான் பெரிய பொறி. ஒரே ஆணை வாங்கி விட்டால், நாலு மாதத்தில் மகள் பிறக்கும், அதிலிருந்து 8 மாதத்தில் மகள் சேர்க்கைக்கு வரும். ஆக ஒரே வருடத்தில் தகப்பனும் மகளும் ஒரு கொட்டகையில். சேர விட்டால் குட்டி எண்ணிக்கை குறையும், பிறப்பவை சோனியாகவும் குறையோடும் வரும். கறுப்பானதா சிவப்பானதா என்று கண்ணில் தெரியாத நட்டம் இது. இரண்டு மூன்று ஈத்து கழித்து, "பன்னி ராசியில்லை" என்று சொல்லி விற்பார்கள்.

தம்பி காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வேறு வம்சத்து ஆண் குட்டி ஒன்றை முன்பே வாங்கி, ஒரு மாதம் தனியாக ஒதுக்கி வைத்துப் பிறகுதான் கொட்டகைக்குள் சேர்த்திருந்தார். அது சேர்க்கைக்கு. தகப்பன் வாசனைக்கு மட்டும். இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தகப்பன், இந்தப் பக்கம் மகள்கள். நேரடியாக உள்ளே விட்டால் இன்னும் விரைவாகப் பருவம் வரும் என்பது உண்மை. ஆனால் தகப்பனாயிற்றே, கதவு இருக்கட்டும் என்றோம்.

பருவம் பார்ப்பதில் அந்த வீட்டில் கெட்டிக்காரர் தம்பியின் மனைவி. தொட்டியில் தீவனம் மிஞ்சியிருந்தால் உடனே கவனிப்பார். ஆகஸ்ட் 4 காலை கரும்புள்ளி தின்னவில்லை, கதவருகே போய் நின்றது, பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தது. வீக்கம் மட்டும் சாட்சி ஆகாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்றாலும் ஈனாத பெட்டைக்கு இதே வீக்கம் வரும். மழைக்காலத்தில் இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அறையிலுள்ள எல்லாப் பெட்டைக்கும் ஒரே நாளில் வீங்கினால் சோளத்தைச் சந்தேகியுங்கள். உண்மையான பருவத்துக்கு ஒரே சாட்சி, ஆண் எதிரே நிற்கும்போது முதுகை இரண்டு கையால் அழுத்தினால் பெட்டை நகராமல் கல்போல நிற்பது. காதை விறைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கரும்புள்ளி அப்படி நின்றது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் வட்டம் போட்டார்கள். நீள முதுகுக்கு ஆகஸ்ட் 18-இல் வட்டம்.

பருவம் வந்துவிட்டது, சேர்த்துவிடலாமே? இதுதான் பெரும்பாலோர் செய்வது. முதல் பருவத்தில் முட்டை குறைவாக வெளிப்படும், குட்டியும் குறைவாகவே இருக்கும். அதைவிட முக்கியம், பெட்டையின் உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. சின்ன வயதில் ஈன்றால் பால் கொடுத்தே எலும்பும் தோலுமாகி, இரண்டாம் ஈத்துக்குப் பருவமே வராமல் நிற்கும். 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். ஆகவே இரண்டாவது அல்லது மூன்றாவது பருவம், 8 மாத வயது, 100 கிலோ எடை ஆகிய மூன்றும் கூடி வரும் நாளே சேர்க்கும் நாள். வெளிநாட்டுப் புத்தகங்களில் 135 கிலோ, அதற்கு மேலும் போட்டிருப்பார்கள். அது அவர்களுடைய பெரிய பன்றிக்கும் அவர்கள் தீவனத்துக்கும் சரி. நம் கொட்டகையில் 100 முதல் 110 கிலோ என்றால் போதும்.

எடைத் தராசு எங்கே என்று கேட்காதீர்கள், தையற்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. இரண்டு காதுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை முதுகின்மேல் ஓர் அளவு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 14,430-ஆல் வகுத்தால் கிலோ வரும். ஐந்தாறு கிலோ முன்பின் இருக்கலாம். தலையை நேராக வைத்து நிற்கும்போது, காலையில் தீவனத்துக்கு முன் அளக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, கரும்புள்ளிக்கு இரண்டாவது பருவம். சுற்றளவு 105, நீளம் 120 செ.மீ. கணக்குப் போட்டால் 92 கிலோ. வயது 7 மாதம் 11 நாள். தம்பிக்குச் சேர்த்துவிடத் துடிப்பு. 21 நாள் தீவனச் செலவு என்ன ஆகும் என்று கணக்குச் சொன்னார். இன்னொரு வட்டம் மட்டும் போடச் சொன்னேன். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து தீவனத்தை 3 கிலோவுக்கு மேல் உயர்த்தினோம். சேர்க்கைக்கு முன் பத்துப் பதினைந்து நாள் இப்படி ஊட்டினால் முட்டை கூடுதலாக வரும். செப்டம்பர் 15, சரியாக 8 மாதம். சுற்றளவு 110, நீளம் 124. எடை 104 கிலோ. அன்று காலை நின்றது. உடனே ஒரு முறை சேர்த்தார்கள், பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். முதல் முறை பெட்டைக்குப் பருவம் ஒன்று, ஒன்றரை நாள்தான் நிற்கும். ஈன்ற தாயைப்போல் இரண்டு மூன்று நாள் காத்திருக்காது.

சேர்த்த அன்று மாலையிலிருந்தே தீவனம் 2 கிலோவுக்கு இறங்கிவிட வேண்டும். சினைப்பட்டதே என்று அன்பில் கூட்டிக் கொடுத்தால் முதல் நாட்களில் கரு அழியும். வெயில் படாமலும், வேறு பன்றிகளோடு கலந்து சண்டை போடாமலும் முதல் மாதம் போக வேண்டும்.

அக்டோபர் 6 அன்று 21-வது நாள். ஆணைக் கதவருகே கொண்டுவந்து பார்த்தார்கள். கரும்புள்ளி திரும்பியும் பார்க்கவில்லை. பிடித்துவிட்டது. 114 நாள் கணக்கில் ஜனவரி 7. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்வார்கள். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முந்தி ஈன்றது. 9 குட்டி, 8 தேறின. முதல் ஈத்துக்கு அது நல்ல கணக்கு.

நீள முதுகின் கதை வேறு. செப்டம்பர் 29 அதன் மூன்றாவது பருவம். அன்று தம்பியின் மனைவி உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலையில் யாரும் பார்க்கவில்லை, மாலையில் ஒரு முறை மட்டும் சேர்த்தார்கள். அக்டோபர் 20 அன்று மறுபடியும் கதவருகே வந்து நின்றது. அன்று இரண்டு முறை சேர்த்தார்கள், பிடித்தது, பிப்ரவரியில் 7 குட்டி. அது இன்னொரு முறையும் திரும்பியிருந்தால் விற்கச் சொல்லியிருப்பேன். இரண்டு முறை திரும்பிய பெட்டையை மூன்றாம் முறை நம்பி வைத்திருப்பது தீவனத்துக்குக் கேடு. அந்த ஏழு குட்டிகளில் பெட்டை நான்கு இருந்தன. எல்லாவற்றையும் கறிக்கே ஒதுக்கினார். கரும்புள்ளியின் குட்டிகளிலிருந்து மட்டும் இரண்டு பெட்டைகளை நிறுத்தி, பிறந்த அன்றே காம்பு எண்ணிச் சுவரில் எழுதி வைத்தார். ஒன்றுக்கு 13, ஒன்றுக்கு 14. அவற்றின் தகப்பன் காட்டுப்பாக்கத்து ஆண். அடுத்த ஆவணிக்குள் அதற்கு மாற்றாக இன்னொரு வம்சத்து ஆண் வேண்டும் என்பதையும் அதே சுவரில், பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

அவர் அப்பா இப்போது பேசுகிறார். மாலையில் வந்து வெயில் தணிந்ததா, தண்ணீர் தெளித்தாயிற்றா என்று கேட்பதும் அவர்தான்.